“ரோட்டுக் காசு எங்க போச்சு?” என்று கந்தோருக்கு எழுதுவதற்கு முன்: தகவல் கோரிக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலும் தகவல் கோரிக்கை எழுத உதவி கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒரு கடிதம் எழுதி, ஒரு வரிப் பதிலோடு திரும்பியவர்கள். அவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே வைத்திருக்கிறேன். உதாரணத்துக்கு ஓர் உள்வீதியை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் அதிகம் வரும் சங்கதி அதுதான்.

எங்கட ரோட்டுக்கு வந்த காசு எங்க போச்சுது எண்டு கேட்டு எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அந்த வடிவில் எழுதினால் பதில் வராது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்குத் தருவது, ஒரு பகிரங்க அதிகாரசபையின் உடைமையில், பாதுகாப்பில் அல்லது கட்டுப்பாட்டில் உள்ள தகவலைப் பெறும் உரிமை. தகவல் என்றால் ஏதோ ஒரு வடிவில் பதிவாகியிருப்பது: கோப்பு, கடிதம், சுற்றறிக்கை, ஒப்பந்தம், அறிக்கை, வரைபடம், புகைப்படம், மின்னஞ்சல், கணினியில் உள்ள பதிவு. கோப்புக்குள் எழுதப்பட்ட அபிப்பிராயமும் ஆலோசனையும்கூட இதில் அடங்கும்.

“காசு எங்கே போனது” என்ற தலைப்பில் எந்தக் கந்தோரிலும் ஒரு தாள் இல்லை. தகவல் அலுவலர் அலுமாரியைத் திறந்து கையில் எடுக்கக்கூடிய பொருளாக உங்கள் கேள்வி இருக்க வேண்டும். காசு போன பாதையில் தாள்கள் உண்டு: மதிப்பீடு, ஒப்பந்தம், அளவீட்டுத்தாள், வவுச்சர். அவற்றைப் பெயர் சொல்லிக் கேட்டால், காசு எங்கே போனதென்று நீங்களே வாசித்துக்கொள்ளலாம்.

கடிதம் எழுதியதும் நான் வைக்கும் ஒரே சோதனை இது: அந்தக் கந்தோருக்கு நேற்று மாற்றலாகி வந்த, உங்கள் ஊரை ஒரு நாளும் பார்த்திராத ஒருவர் இந்தக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு சரியான கோப்பை எடுத்துவிடுவாரா? எடுப்பார் என்றால் கடிதம் போதும்.

நான் எழுதின கடிதத்துக்கு “வேலை நியமங்களின்படி பூர்த்தி செய்யப்பட்டுள்ளது” எண்டு மட்டும் பதில் வந்தது. எங்க பிழை விட்டன்?

இதே பதிலோடு ஒரு அக்கா வந்தார். படுவான்கரையில் ஒரு கிராமத்தின் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குப் புதிதாகத் தெரிவான செயலாளர். ஊரின் உள்வீதி ஒன்றுக்கு 2023 இல் கொங்கிரீட் போட்டிருந்தார்கள். ஒரு மாரி கழிவதற்குள் குறுக்கே வெடிப்பு ஓடிவிட்டது. அவர் எழுதிய முதல் கடிதம் இது:

“எமது கிராமத்தின் கோயில் வீதி ஏன் தரமற்ற முறையில் போடப்பட்டது? இதற்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது, அது எவ்வாறு செலவு செய்யப்பட்டது, இதற்குப் பொறுப்பானவர்கள் யார்? இது தொடர்பான சகல ஆவணங்களையும் தரவும்.”

அவருடைய கோபம் நியாயமானது. கடிதமாகப் பார்த்தால் நான்கு இடத்தில் இடறுகிறது. “ஏன் தரமற்ற முறையில்” என்பது ஒரு குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. அதற்கு ஒரு உத்தியோகத்தர் எழுதக்கூடிய பதில், அவர் எழுதிய அந்த ஒரு வரிதான். “பொறுப்பானவர்கள் யார்” என்பது விசாரணை செய்து முடிவு சொல்லச் சொல்கிறது. கோயில் வீதி என்ற பெயரில் அதே பிரிவில் வேறு வீதிகளும் இருந்தன. “சகல ஆவணங்கள்” என்பதற்கு எல்லை எதுவென்று எழுதியவருக்கே தெரியாது.

நடுவில் ஒரு நல்ல கேள்வி இருந்தது: எவ்வளவு ஒதுக்கப்பட்டது. மற்ற மூன்றும் அதை மூடிவிட்டன. கடிதத்தில் ஒரு கேள்வி தளர்ந்திருந்தால், பதில் எழுதுபவர் அந்தத் தளர்ந்த கேள்விக்கே பதில் சொல்லிவிட்டு மற்றதைக் கடந்துவிட முடிகிறது.

அப்ப “ஏன்” எண்டு கேக்கவே கூடாதா?

கேட்கலாம், “ஏன்” என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். கந்தோரில் ஒரு முடிவு எடுத்தால் அதன் காரணம் எங்காவது எழுதப்பட்டிருக்கும்: கோப்பின் குறிப்புத் தாளில், கூட்ட அறிக்கையில், பரிந்துரைக் கடிதத்தில், அனுமதிக் கடிதத்தில். “வீதியை ஏன் மாற்றினீர்கள்” என்பதை, “வீதியின் நீளம், அகலம் அல்லது தடிப்பில் மாற்றம் செய்யப்பட்டிருப்பின், அம்மாற்றத்தைக் கோரிய கடிதத்தினதும் அதற்கு வழங்கப்பட்ட அனுமதியினதும் பிரதிகள்” என்று எழுதுங்கள்.

காரணம் எழுதப்பட்டிருந்தால் பிரதி வரும். எழுதப்படவே இல்லையென்றால் “அவ்வாறான ஆவணம் இல்லை” என்று எழுத்தில் வரவேண்டும். அனுமதி இல்லாமல் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது என்பதை அந்த ஒரு வரி காட்டிவிடும்.

எந்தக் கந்தோருக்கு எழுதுறது? பிரதேச சபையா, பிரதேச செயலகமா?

பாதிக் கடிதங்கள் இங்கேதான் வழி தவறுகின்றன. வீதி யாருக்குச் சொந்தம் என்பதும், அந்த வேலையைச் செய்வித்தது யார் என்பதும் இரண்டு வேறு கேள்விகள். கோப்பு இருப்பது வேலையைச் செய்வித்தவரிடம்.

பெரிய ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையினுடையவை. சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையது. ஊருக்குள் இருக்கும் ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபையின் பொறுப்பில் இருக்கும். ஆனால் பிரதேச சபை வீதிக்கே பிரதேச செயலகத்தினூடாக நிதி வந்து, கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு ஒப்பந்தம் கொடுத்து, தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளந்து, பிரதேச செயலகமே காசு கொடுத்த வேலைகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. அந்த வேலையின் வவுச்சரைப் பிரதேச சபையிடம் கேட்டால் “எம்மிடம் இல்லை” என்றுதான் சொல்வார்கள், அது உண்மையும்கூட.

கண்டுபிடிக்க எளிய வழி, வேலை நடந்த இடத்தில் நட்ட பெயர்ப்பலகை. நிதி மூலம், செய்விக்கும் நிறுவனம், ஒப்பந்தகாரர், தொகை எல்லாம் அதில் இருக்கும். வேலை நடக்கும்போதே ஒரு படம் எடுத்து வையுங்கள், பலகை நெடுநாள் நிற்பதில்லை. பலகை இல்லையென்றால் கிராம உத்தியோகத்தரிடமும் அந்தக் காலத்துச் சங்க நிர்வாகத்திடமும் கேளுங்கள். அப்படியும் தெரியவில்லையென்றால் இரண்டு கந்தோருக்கும் ஒரே நாளில் தனித்தனிக் கடிதம் போடுங்கள். ஒன்றிலிருந்து வரும் “இல்லை”, மற்றதில் தேட வேண்டும் என்பதற்குச் சான்று.

குளம், வாய்க்கால் என்றாலும் இதே கதைதான். 80 ஹெக்டயருக்கு, அதாவது ஏறக்குறைய 200 ஏக்கருக்கு, உட்பட்ட வயலுக்கு நீர் கொடுக்கும் சிறு குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். அதற்கு மேற்பட்டது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பக்கம். உங்கள் வட்டவிதானையிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இடத்தை எவ்வளவு விவரமா எழுதணும்? ஊர்ப்பேரும் ரோட்டுப்பேரும் காணாதா?

காணாது. பிள்ளையார் கோயில் வீதி இல்லாத ஊர் எங்கே இருக்கிறது? பிரதேசப் பிரிவின் பெயரிலும் கவனம் வேண்டும். நாம் வவுணதீவு என்கிறோம், கோப்பில் மண்முனை மேற்கு. நாம் வெல்லாவெளி என்கிறோம், கோப்பில் போரதீவுப்பற்று. கிரான் என்பது கோறளைப்பற்று தெற்கு. இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

பிறகு கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரும் இலக்கமும், வீதியின் பெயர், அது தொடங்கும் இடம், முடியும் இடம். “பிரதான வீதிச் சந்தியிலிருந்து வாய்க்கால் கட்டு வரை” என்பது போதும். பெயரில்லாத ஒழுங்கையென்றால் கையால் ஒரு சிறு படம் வரைந்து இணைக்கலாம். நான் பலருக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன், எவரும் அதை மறுத்ததில்லை.

காலத்தையும் அடையுங்கள். “கடந்த காலங்களில்” என்பது காலம் இல்லை. “2023.01.01 முதல் 2023.12.31 வரை” என்று எழுதுங்கள். வேலை எந்த மாதம் என்று நிச்சயமில்லையென்றால் முழு ஆண்டையும் போடுங்கள்.

ஒரு ரோட்டு வேலைக்கு என்னென்ன தாள் இருக்கும்? எங்களுக்கு எப்பிடித் தெரியும்?

வேலை நடக்கும் ஒழுங்கிலேயே நினைத்துப் பார்த்தால் தெரியும். முதலில் யாரோ இந்த வீதி வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்து மதிப்பீடு போட்டிருப்பார். அதோடு எண்ணளவுப் பட்டியல் இருக்கும், கந்தோரில் பி.ஓ.கியூ. என்று சொல்வார்கள். எத்தனை கன மீற்றர் கொங்கிரீட், என்ன தரம், ஒரு கன மீற்றருக்கு என்ன விலை என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். மதிப்பீட்டுக்கு அங்கீகாரம் கிடைத்தபின் ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் வேலை தொடங்கும் நாள், முடிக்கும் நாள், குறைபாடு வந்தால் ஒப்பந்தகாரர் திருத்திக் கொடுக்க வேண்டிய காலம் எல்லாம் இருக்கும்.

வேலை முடிந்ததும் மறுபடி அளப்பார்கள். அந்த அளவீட்டுத்தாள்தான் முழுக் கோப்பிலும் பெறுமதியான தாள் என்பது என் எண்ணம். மதிப்பீடு என்பது செய்ய நினைத்தது. அளவீட்டுத்தாள் என்பது செய்ததாகக் கையெழுத்திட்டது. அந்த அளவை வைத்துத்தான் பில் போடுவார்கள், பில்லுக்கு வவுச்சர் எழுதுவார்கள். ஒரு பகுதிப் பணத்தைக் கையில் பிடித்துவைத்து, குறைபாட்டுக் காலம் முடிந்தபின் விடுவிப்பார்கள். இந்த ஒவ்வோர் அடிக்கும் ஒரு தாள் உண்டு.

ஆவணத்தின் கந்தோர்ப் பெயர் தெரியாவிட்டால் அது செய்யும் வேலையைச் சொல்லுங்கள். “வேலை முடிந்தபின் அளந்து பதிவு செய்த தாள்” என்று எழுதினாலே போதும். சட்டம் உங்களிடம் எதிர்பார்ப்பது, தகவலை அடையாளங்காண நியாயமாகத் தேவைப்படும் விவரத்தை மட்டும்தான்.

சரி, அந்த அக்காவின்ட ரெண்டாவது கடிதம் எப்பிடி இருந்தது?

பெயர்களை நீக்கிவிட்டு அப்படியே தருகிறேன்.

“தகவல் அலுவலர் அவர்களுக்கு,

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழான கோரிக்கை

இன்ன கிராம உத்தியோகத்தர் பிரிவில், பிரதான வீதிச் சந்தியிலிருந்து பிள்ளையார் கோயில் வரை செல்லும் கோயில் வீதிக்கு 2023 ஆம் ஆண்டில் கொங்கிரீட் இடப்பட்ட வேலை தொடர்பாகப் பின்வரும் ஆவணங்களின் சான்றுப்படுத்தப்பட்ட பிரதிகளைக் கோருகிறேன்:

1. அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீடும் எண்ணளவுப் பட்டியலும்.
2. ஒப்பந்தகாரருடன் கைச்சாத்திட்ட ஒப்பந்தம்.
3. மதிப்பீட்டில் பின்னர் மாற்றம் செய்யப்பட்டிருப்பின், அதைக் கோரிய கடிதமும் வழங்கப்பட்ட அனுமதியும்.
4. வேலை முடிந்தபின் பதியப்பட்ட அளவீட்டுத்தாள்.
5. இவ்வேலைக்குச் செலுத்தப்பட்ட எல்லாக் கொடுப்பனவுகளுக்குமான வவுச்சர்கள்.
6. வேலை பூர்த்திச் சான்றிதழும், பிடித்துவைத்த பணம் விடுவிக்கப்பட்டிருப்பின் அதன் திகதியைக் காட்டும் ஆவணமும்.

மேலுள்ளவற்றில் எதுவும் உங்கள் அலுவலகத்தில் இல்லையெனின், அந்த இலக்கத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் அறியத்தரவும். பதில் கடிதம் தமிழில் வேண்டும்.”

கீழே பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம், திகதி, கையொப்பம். ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது. முதல் கடிதத்தில் இருந்த கோபத்தில் ஒரு சொல்கூட இதில் இல்லை. எழுதும்போது அக்கா அதற்காகச் சற்று வருத்தப்பட்டார். முறைப்பாட்டைத் தனியாக எழுதலாம், அதற்குக் கையில் தாள் வந்தபிறகு எழுதினால் பாரம் கூடும் என்று சொன்னேன்.

அந்தக் கடிதத்துக்கு என்ன வந்தது?

ஆறில் ஐந்து வந்தது. மதிப்பீட்டில் நீளம் 200 மீற்றர், அகலம் 3 மீற்றர், தடிப்பு 150 மில்லிமீற்றர். பெருக்கிப் பார்த்தால் 90 கன மீற்றர். அளவீட்டுத்தாளில் நீளம் 240 மீற்றர், அகலம் அதே 3 மீற்றர், தடிப்பு 125 மில்லிமீற்றர். அதுவும் 90 கன மீற்றர். நாடாவைப் பிடித்து நாங்களே வீதியை அளந்தோம். 240 மீற்றர் சரியாக இருந்தது. ஓரத்தில் மண் அரித்த இரண்டு இடங்களில் தடிப்பும் ஏறக்குறைய சரியாகவே இருந்தது.

கொங்கிரீட் களவு போகவில்லை. வீதி நீண்டது, அதனால் மெலிந்தது. ஏன் நீண்டது என்பதற்கு மூன்றாம் இலக்கத்தில் பதில் இருந்தது. கோயில் வாசல் வரை போட்டுத் தரும்படி முந்தைய சங்க நிர்வாகமே கடிதம் கொடுத்திருந்தது. அந்தக் கடிதத்தின் பிரதியைக் கையில் வாங்கி வாசித்தபோது அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை.

வராதது அந்த மாற்றத்துக்கான அனுமதி. “அவ்வாறான ஆவணம் கோப்பில் இல்லை” என்று எழுதியிருந்தார்கள். தடிப்பைக் குறைக்க ஒரு பொறியியலாளர் சம்மதித்தாரா என்ற கேள்வி அந்த ஒரு வரியில் நிற்கிறது. இன்னொன்றும் கிடைத்தது: ஒப்பந்தத்தில் குறைபாட்டுக் காலம் 365 நாள் என்று இருந்தது, பூர்த்திச் சான்றிதழின் திகதியிலிருந்து எண்ணினால் இன்னும் மூன்று கிழமை மிச்சம். பிடித்துவைத்த பணம் விடுவிக்கப்படவில்லை. அன்று பின்னேரமே வெடிப்புகளின் படங்களோடு, பணத்தை விடுவிக்குமுன் குறைபாட்டைத் திருத்துவிக்கும்படி கடிதம் போனது. “ஏன் தரமற்ற முறையில்” என்று கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் அந்த மூன்று கிழமையும் போயிருக்கும்.

எல்லாத்தையும் ஒரேயடியாக் கேட்டா நல்லதுதானே? பிரிவில போட்ட ரோட்டெல்லாம், பத்து வருசத்துக்கு?

கேட்க உரிமை உண்டு, ஆனால் தாமதத்துக்கு நீங்களே கதவைத் திறந்து விடுகிறீர்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தருவதென்றால், கட்டணம் இருந்தால் அதைச் செலுத்தியதிலிருந்தும், இல்லையென்றால் முடிவு எடுத்ததிலிருந்தும் 14 நாட்களுக்குள் தர வேண்டும். கோரிக்கை பெருந்தொகையான பதிவுகளைப் பற்றியதாக இருந்தால் இன்னும் 21 நாட்கள் வரை நீட்டிக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது.

பத்து வருடத்துக் கணக்கு உண்மையிலேயே வேண்டுமென்றால் இரண்டு படியாகப் போங்கள். முதல் கடிதத்தில் பட்டியலை மட்டும் கேளுங்கள்: இன்ன ஆண்டில் இந்தச் சபையால் செய்விக்கப்பட்ட வீதி வேலைகளின் பெயர், ஒப்பந்தத் தொகை, ஒப்பந்தகாரர், கோப்பு இலக்கம் ஆகியவற்றைக் காட்டும் பதிவேடு. பட்டியல் வந்ததும் சந்தேகமான இரண்டு வேலைக்குக் கோப்பு இலக்கத்தோடு ஆவணம் கேளுங்கள். கோப்பு இலக்கத்தோடு போகும் கடிதத்துக்கு “அடையாளங்காண முடியவில்லை” என்று பதில் எழுத முடியாது.

இன்னொரு வழி, பிரதி கேட்காமல் பார்வையிடக் கேட்பது. ஆவணங்களைப் பரிசீலிக்கவும் குறிப்பெடுக்கவும் சட்டத்தில் இடம் உண்டு, வேலையையே நேரில் பரிசீலிக்கவும் கேட்கலாம். தடித்த கோப்பு என்றால் நான் பார்வையிடுவதையே சிபாரிசு செய்வேன். கந்தோரில் உட்கார்ந்து புரட்டி, வேண்டிய எட்டுப் பக்கத்தை மட்டும் பிரதி எடுக்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. போட்டோக்கொப்பிக்குக் காசு உண்டு, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பார்வையிட்டால் அதற்கும் கட்டணம் உண்டு.

ஏன் கேக்கிறீங்க எண்டு கவுண்டர்ல கேட்டா என்ன சொல்றது?

சொல்லத் தேவையில்லை. காரணம் கேட்கக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. உங்களைத் தொடர்புகொள்ளத் தேவையான விவரம் மட்டும் கொடுத்தால் போதும். கடிதத்திலும் காரணம் எழுதாதீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு, ஒருவரின் உயிர் அல்லது தனிப்பட்ட சுதந்திரத்தோடு தொடர்பான தகவல். அதை அடிப்படையோடு குறிப்பிட்டால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் வரவேண்டும். வீதிக்கும் வாய்க்காலுக்கும் இதைப் போடாதீர்கள்.

படிவம் கட்டாயமா? எழுதத் தெரியாத ஆக்கள்?

ஆர்.டி.ஐ. 01 என்று ஒரு படிவம் உண்டு, கட்டாயமில்லை. மேலே காட்டியது போன்ற கடிதம் போதும். எழுத முடியாதவர் நேரில் போய்ச் சொன்னால், அதை எழுத்தில் பதிவது தகவல் அலுவலரின் கடமை. அப்படிச் சொல்லும்போதும் ஆவணங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். எப்படிக் கொடுத்தாலும், பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் திரும்பாதீர்கள். தபாலென்றால் பதிவுத் தபால்.

பேர் விவரம் இருக்கிற தாளைத் தரமாட்டம் எண்டு சொல்றாங்க. உண்மையா?

பாதி உண்மை. பொது அலுவலோடு தொடர்பில்லாத ஒருவரின் தனிப்பட்ட விவரத்தை மறுக்க ஐந்தாம் பிரிவில் இடம் உண்டு. ஆனால் ஒரு தாளில் மறைக்க வேண்டிய பகுதி இருந்தால் அதை மட்டும் நீக்கி மிச்சத்தைத் தரவேண்டும் என்பது ஆறாம் பிரிவு. வவுச்சரில் வங்கிக் கணக்கு இலக்கம் இருக்கலாம். அதை மறைத்துவிட்டுத் தரலாம், அதற்காக வவுச்சரையே மறுக்க முடியாது. “தனிநபரின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் ஆகியவற்றை மறைத்துத் தருவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை” என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்தால், மறுப்பதற்கான அந்தக் காரணம் முன்கூட்டியே தீர்ந்துவிடும்.

உதவிக் கொடுப்பனவுப் பட்டியல் போன்றவற்றில் இது இன்னும் முக்கியம். பக்கத்து வீட்டுக்காரரின் விண்ணப்பத்தைக் கேட்டால் மறுப்பார்கள். தெரிவு செய்த அளவுகோல், உங்கள் பிரிவில் விண்ணப்பித்தோர் தொகை, தெரிவானோர் தொகை, உங்கள் சொந்த விண்ணப்பத்துக்கு வழங்கிய புள்ளி, இவற்றைக் கேட்டால் மறுக்கக் காரணம் குறைவு.

அம்பாறைக் கச்சேரியில கோப்பு சிங்களத்தில இருந்தா?

எந்த மொழியில் வேண்டும் என்று கோரிக்கையில் குறிப்பிடலாம். இருந்தாலும் பழைய கோப்பின் பிரதி அது எழுதப்பட்ட மொழியில்தான் வரும். அதனால் கடிதத்தில் இரண்டாகப் பிரித்து எழுதச் சொல்வேன்: பதில் கடிதம் தமிழில், ஆவணப் பிரதிகள் எந்த மொழியில் இருக்கின்றனவோ அந்த மொழியில். மதிப்பீடும் அளவீட்டுத்தாளும் பெரும்பாலும் எண்கள்தான். மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்து நாளைக் கழிக்க வேண்டாம்.

கோப்பே இல்லை, பழசு, அழிஞ்சு போச்சு எண்டா?

சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3 இல். அதற்கு முன்பே இருந்த பதிவுகளை அந்த நாளிலிருந்து குறைந்தது 10 வருடமும், அதற்குப் பின் உருவானவற்றை உருவான நாளிலிருந்து குறைந்தது 12 வருடமும் பேணவேண்டும். ஆகவே 2023 ஆம் ஆண்டு வேலைக்கு இந்தப் பதில் பொருந்தாது. “இல்லை” என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அடுத்த கோரிக்கையில் அந்தக் கோப்பு பதியப்பட்ட கோப்புப் பதிவேட்டின் பக்கத்தையும், அழிக்கப்பட்டிருந்தால் அழித்த பட்டியலையும் கேளுங்கள். வெள்ளத்தில் நனைந்தது என்று சொன்னால், அந்தச் சேதத்தைப் பதிந்த அறிக்கையைக் கேளுங்கள்.

பாதிதான் தந்தாங்க. மேன்முறையீட்டில என்ன எழுதுறது?

இலக்கமிட்டு எழுதியதன் பலன் இப்போதுதான் கைக்கு வரும். பதில் வந்ததும் உங்கள் கடிதத்தின் பிரதியை எடுத்து, ஒவ்வோர் இலக்கத்துக்கும் பக்கத்தில் வந்தது, வரவில்லை, மறுத்தது என்று குறியுங்கள். 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு எழுத வேண்டும். “1, 2, 4, 5, 6 ஆகிய இலக்கங்களுக்கான ஆவணங்கள் கிடைத்தன. 3 ஆம் இலக்கத்தில் கேட்ட அனுமதியின் பிரதி தரப்படவில்லை” என்பது போதும். புதிய கேள்வி எதையும் இதில் நுழைக்காதீர்கள். முதல் கடிதத்தில் கேட்காததை மேன்முறையீட்டில் கேட்டால் முழுதும் குழம்பிவிடும். புதியதற்குப் புதிய கோரிக்கை.

குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மூன்று வாரம் உண்டு. அவருடைய முடிவிலும் திருப்தி இல்லையென்றால், அல்லது முடிவே வரவில்லையென்றால், இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். அங்கே முன்வைக்க வேண்டியது நான்கு தாள்: உங்கள் கோரிக்கை, பெற்றுக்கொண்ட அத்தாட்சி, வந்த பதில், மேன்முறையீடு. அக்கா அந்த நான்கையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே “3 ஆம் இலக்கம்” என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்.